கடைக்கு இன்று, கேட்வேக்கு நேற்று: செட்டில்மென்ட் ரிப்போர்ட் ஏன் டேலி ஆவதில்லை

பத்தாம் தேதி விற்பனை 84,350 என்று கடையின் பேரேடு சொல்கிறது. அதே தேதிக்கு பேமெண்ட் கேட்வே அனுப்பிய ரிப்போர்ட்டில் 81,900தான் இருக்கிறது. 2,450 எங்கே போனது? கமிஷன் பிடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது, இரண்டுமே கமிஷன் கழிக்காத மொத்தத் தொகைகள். மறுநாள் கணக்கைப் பார்த்தால் கேட்வேயில் 5,330 அதிகமாக இருக்கிறது. அதற்கடுத்த நாள் 4,460 குறைகிறது. கூடுவதும் குறைவதும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாததுபோல் தெரிகிறது.

இந்த மாதிரி கணக்கில் பெரும்பாலும் ஒரு ஆர்டர்கூடத் தொலைந்திருக்காது. இரண்டு தரப்பும் 'பத்தாம் தேதி' என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு இருபத்து நான்கு மணி நேரங்களைச் சொல்கின்றன. அவ்வளவுதான் விஷயம். ஆனால் வித்தியாசம் நாளுக்கு நாள் ஏன் இப்படித் தாவுகிறது என்பது புரியாததால்தான் பலர் கமிஷனிலும் ரீஃபண்டிலும் காரணம் தேடி மணிக்கணக்கில் நேரத்தை விடுகிறார்கள்.

மேலே சொன்ன கடை உலகப் பொது நேரமான யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்வே தன் நாளை யூடிசியில் வெட்டுகிறது. கடையில் நள்ளிரவு 12 மணி அடிக்கும்போது யூடிசியில் முந்தைய நாள் மாலை 6.30தான். கேட்வேயின் பத்தாம் தேதி பிறக்கும்போது கடையில் காலை 5.30 ஆகிவிடும். ஆக, கேட்வேயின் பத்தாம் தேதி என்பது கடையின் பத்தாம் தேதி காலை 5.30லிருந்து பதினொன்றாம் தேதி காலை 5.30 வரை. கடை வேலை செய்யும் மற்ற எல்லா நேரத்திலும் இருவருக்கும் ஒரே தேதிதான். நள்ளிரவுக்கும் 5.30க்கும் நடுவில் நடந்த விற்பனை மட்டும் கடையில் 'இன்று' என்றும் கேட்வேயில் 'நேற்று' என்றும் விழும்.

ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்க்கலாம். வாடிக்கையாளர் கடை நேரப்படி பதினொன்றாம் தேதி அதிகாலை 1.12க்குப் பணம் கட்டுகிறார். கேட்வேயின் கோப்பில் அது இப்படி வரும்:

```
2026-03-10T19:42:11Z
```

கடைசியில் இருக்கும் `Z` என்ற எழுத்துக்கு யூடிசி என்று பொருள். தேதியின் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து 'தேதி' என்று ஒரு பத்தியில் போட்டுவிட்டால் அந்த விற்பனை பத்தாம் தேதிக்குப் போய்விடும். கடையின் பில்லோ பதினொன்றாம் தேதி போட்டு நிற்கும்.

வித்தியாசம் ஏன் தாவுகிறது

இந்த அதிகாலைத் துண்டு ஒவ்வொரு நாளும் இரண்டு முனையிலும் வேலை செய்கிறது. பத்தாம் தேதி அதிகாலை விற்பனை கேட்வேயின் பத்திலிருந்து வெளியே போய் ஒன்பதில் உட்காருகிறது. அதற்குப் பதிலாகப் பதினொன்றாம் தேதி அதிகாலை விற்பனை பத்துக்குள் வந்து சேருகிறது. அதனால் கண்ணில் படும் வித்தியாசம் ஒரு இரவின் விற்பனை அல்ல. அடுத்தடுத்த இரண்டு அதிகாலைகளின் விற்பனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவது.

நம் கடையில் நள்ளிரவு முதல் 5.30 வரை நடந்த விற்பனை பத்தாம் தேதி 9,600, பதினொன்றில் 7,150, பன்னிரண்டில் 12,480, பதின்மூன்றில் 8,020. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்:

| தேதி | வெளியே போனது | உள்ளே வந்தது | கேட்வே − பேரேடு | திரண்ட வித்தியாசம் |
|---|---|---|---|---|
| 10 | 9,600 | 7,150 | −2,450 | −2,450 |
| 11 | 7,150 | 12,480 | +5,330 | +2,880 |
| 12 | 12,480 | 8,020 | −4,460 | −1,580 |

84,350லிருந்து 9,600ஐக் கழித்து 7,150ஐக் கூட்டினால் 81,900. தொலைந்ததாக நினைத்த 2,450க்கு விடை இதுதான். இரண்டு இரவுகளில் ஒரே அளவு விற்பனை நடந்துவிட்டால் வித்தியாசம் பூஜ்யமாகிவிடும். அன்றைக்குக் கணக்கு 'சரியாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்வார்கள், உண்மையில் ஆயிரக்கணக்கான தொகை தப்பான தேதியில் உட்கார்ந்திருக்கும்.

அட்டவணையின் கடைசிப் பத்திதான் முக்கியம். மூன்று நாளைச் சேர்த்தால் வருவது −1,580. பதின்மூன்றாம் தேதி அதிகாலையின் 8,020இலிருந்து பத்தாம் தேதி அதிகாலையின் 9,600ஐக் கழித்தாலும் அதே −1,580தான். நடுவில் உள்ள இரவுகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. முதல் அதிகாலையும் கடைசி அதிகாலையும் மட்டுமே மிஞ்சும். முப்பது நாள் ஆனாலும் இதே கதைதான்.

நேர மண்டலக் கோளாறை மற்றக் கோளாறுகளிலிருந்து பிரித்துக் காட்டும் முதல் சோதனை இதிலிருந்துதான் வருகிறது. தினசரி வித்தியாசத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் திரண்ட கூட்டுத்தொகையை ஒரு மாதத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். அது மேலும் கீழும் ஆடினாலும் ஒரு இரவு விற்பனையின் அளவைத் தாண்டாமல் இருந்தால், நாள் எந்த நேரத்தில் வெட்டப்படுகிறது என்ற கட்-ஆஃப்தான் காரணம். நாளாக ஆக ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் கமிஷன், பதிவாகாத ஆர்டர், இரண்டு முறை பதிவான ரீஃபண்ட் என்று வேறு எதையாவது தேட வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில் படிபோல் ஏறி அப்படியே நின்றுவிட்டால் அந்த நாளில் ஒரே ஒரு பெரிய பிழை இருக்கிறது.

எந்தக் கடிகாரம்?

ஒரே செட்டில்மென்ட்டில் குறைந்தது மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. வாடிக்கையாளரிடமிருந்து பணம் பிடிக்கப்பட்ட நேரம் ஒன்று. அது எந்த பேட்ச்சில், அதாவது கடைக்கு ஒன்றாக அனுப்பும் எந்தத் தொகுப்பில் சேர வேண்டும் என்று கேட்வே தீர்மானிக்கும் கட்-ஆஃப் இரண்டாவது. வங்கிக் கணக்கில் வரவு வைத்த தேதி மூன்றாவது. ரிப்போர்ட்டின் நாள் யூடிசியில் முடிந்தாலும் பேட்ச்சின் கட்-ஆஃப் இன்னொரு ஊரின் மாலை 5 மணியாக இருக்கலாம். வங்கியோ தன் வேலை நாட்களைப் பார்த்துத்தான் தேதி போடும், சனி ஞாயிறு அதற்குக் கணக்கில்லை.

ஆகவே ரிப்போர்ட்டில் 'தேதி' என்று இருப்பதை அப்படியே நம்பாமல் அது எந்தக் கடிகாரத்தின் தேதி என்று கேட்க வேண்டும். ஸ்ட்ரைப் நிறுவனத்தின் பதிவுகளில் `created` என்பது பரிவர்த்தனை உருவான நொடி. `available_on` என்பது அந்தப் பணம் எடுக்கக் கிடைக்கும் நாள். இரண்டும் 1970 ஜனவரி 1 யூடிசி நள்ளிரவிலிருந்து எண்ணிய நொடிகளாகவே கிடைக்கும். மேலே பார்த்த 1.12 மணி விற்பனை அங்கே `1773171731` என்ற எண்ணாக வரும். அட்யென் நிறுவனத்தின் செட்டில்மென்ட் விவர ரிப்போர்ட்டில் `Creation Date` பத்தியை ஒட்டி `TimeZone` என்று தனிப் பத்தியே இருக்கிறது. அதைத் தேவையில்லை என்று நினைத்து நீக்கிவிட்டு இறக்குமதி செய்கிறவர்கள் பிறகு அதே தகவலைத் தேடி அலைவார்கள்.

கேட்வேயின் ஆவணத்தில் கட்-ஆஃப் தெளிவாக எழுதப்படவில்லை என்றாலும் பரவாயில்லை, தரவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பேமெண்ட் ரெஃபரன்ஸ் எண்ணை வைத்து கேட்வேயின் வரியையும் கடையின் ஆர்டரையும் இணையுங்கள். பிறகு கேட்வே சொல்லும் ஒவ்வொரு தேதிக்கும் கடை நேரப்படி முதல் விற்பனை எப்போது, கடைசி விற்பனை எப்போது என்று எடுங்கள்.

```sql
SELECT g.report_date,
       MIN(o.paid_at AT TIME ZONE 'Asia/Kolkata') AS first_sale,
       MAX(o.paid_at AT TIME ZONE 'Asia/Kolkata') AS last_sale
FROM gateway_rows g
JOIN orders o ON o.payment_ref = g.payment_ref
GROUP BY g.report_date
ORDER BY g.report_date;
```

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் `paid_at` பத்தி `timestamptz` வகையாக இருந்தால் இது சரியாக ஓடும். முதல் விற்பனைகள் எல்லாம் 5.30க்குப் பிறகும் கடைசி விற்பனைகள் எல்லாம் மறுநாள் 5.30க்கு முன்பும் விழுந்தால் கட்-ஆஃப் யூடிசி நள்ளிரவு. 2.30ஐ ஒட்டி விழுந்தால் யூடிசி இரவு 9 மணி. ஒன்றிரண்டு நாள் தரவு போதாது. அதிகாலையில் விற்பனை குறைவாக இருக்கும் கடையில் கடைசி விற்பனை 3.50க்கு நடந்து அடுத்தது 6.40க்கு நடந்திருந்தால் எல்லை நடுவில் எங்கே இருக்கிறது என்று சொல்லவே முடியாது. இரண்டு மூன்று வாரத் தரவை எடுத்து, எல்லா நாட்களிலும் மிகத் தாமதமான கடைசி விற்பனையையும் மிகச் சீக்கிரமான முதல் விற்பனையையும் பார்த்தால் எல்லை சில நிமிடங்களுக்குள் நெருங்கிவிடும்.

இப்படி இணைத்த வரிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் அவை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். தேதி மாறிய ஆர்டர்கள் அத்தனையும் நள்ளிரவுக்கும் 5.30க்கும் நடுவில் கச்சிதமாக அடங்கினால் அது நேர மண்டலம். பகல் முழுக்கச் சிதறிக் கிடந்தால் கடை ஆர்டர் போட்ட நேரத்தையும் கேட்வே பணம் பிடித்த நேரத்தையும் பதிவு செய்கின்றன என்று பொருள். பொருளை அனுப்பும்போதுதான் பணம் பிடிக்கும் கடைகளில் இது சாதாரணம். அங்கே கடிகாரத்தைத் திருத்தி எந்தப் பயனும் இல்லை.

மாற்றும்போது நடக்கும் தப்புகள்

காரணம் தெரிந்ததும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். பாதிக் குழப்பம் இந்தக் கட்டத்தில்தான் பிறக்கிறது.

எக்ஸெலில் `T`, `Z` உள்ள நேரம் தேதியாக மாறாது, வெறும் எழுத்தாகவே நிற்கும். அதைப் பிரித்து, கூட்டி, பிறகுதான் தேதியை வெட்ட வேண்டும்:

```
=INT(DATEVALUE(LEFT(A2,10))+TIMEVALUE(MID(A2,12,8))+5.5/24)
```

முதலில் தேதியை வெட்டிவிட்டுப் பிறகு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் தேதி ஒருபோதும் மாறாது. நள்ளிரவோடு ஐந்தரை மணியைச் சேர்த்தால் அதே நாளின் காலை 5.30தானே வரும். சூத்திரம் ஓடுகிறது, எண்ணும் வருகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை, விடை மட்டும் தப்பு.

போஸ்ட்கிரெஸில் இன்னொரு பொறி. நேர மண்டலம் இல்லாத `timestamp` பத்தியில் யூடிசி நேரத்தைச் சேமித்து வைத்திருந்தால், `AT TIME ZONE 'Asia/Kolkata'` என்று ஒரு முறை போடும்போது அது '19:42 என்பது ஏற்கெனவே அந்த ஊர் நேரம்' என்று எடுத்துக்கொள்ளும். நேரம் ஐந்தரை மணி முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போகும். அப்படிப்பட்ட பத்திக்கு இரண்டு முறை எழுத வேண்டும்:

```sql
paid_at AT TIME ZONE 'UTC' AT TIME ZONE 'Asia/Kolkata'
```

கேட்வேயின் திரையையும் கோப்பையும் ஒப்பிடும்போதும் கவனம் தேவை. திரை பார்ப்பவரின் ஊர் நேரத்தைக் காட்டும், இறக்கிய கோப்பு யூடிசியில் இருக்கும் என்பது பல இடங்களில் வழக்கம். திரையிலிருந்து பிரதி எடுத்த எண்ணுக்கு மேல் இன்னொரு முறை ஐந்தரை மணி கூட்டினால் தப்பு இரட்டிப்பாகும்.

மணிவாரிச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கடைக்கு எதையும் சரிசெய்ய முடியாது. கடையின் நள்ளிரவு யூடிசியில் 18:30இல் விழுகிறது. 18:00 முதல் 19:00 வரையிலான கூட்டுத்தொகையை இரண்டாகப் பிளக்க வழியில்லை. தனித்தனி வரிகள் கொண்ட ரிப்போர்ட்தான் வேண்டும்.

ரீஃபண்ட் இன்னும் கொஞ்சம் ஏமாற்றும். பத்தாம் தேதி இரவு 10 மணிக்கு 3,200க்கு விற்ற பொருளுக்கு அதிகாலை 2 மணிக்குப் பணம் திரும்பிப் போகிறது என்று வைப்போம். கடையில் பத்தாம் தேதி விற்பனையும் பதினொன்றாம் தேதி ரீஃபண்டும் பதிவாகும். கேட்வேக்கு இரண்டுமே பத்தாம் தேதி. நிகரத் தொகையை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு அங்கே விற்பனையே நடக்கவில்லை. விற்பனை, ரீஃபண்ட், கமிஷன் மூன்றையும் தனித்தனி வரிகளாக, அதனதன் நேரத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பிரச்சினை எழாது.

வருடத்துக்கு இரண்டு முறை நகரும் எல்லை

கட்-ஆஃப் யூடிசியில் இருந்தால் அது கடை நேரப்படி எப்போதும் அசையாது. ஆனால் கேட்வே நியூயார்க் நேரம் மாலை 5 மணிக்கு பேட்ச்சை மூடுகிறது என்றால் நிலைமை வேறு. குளிர்காலத்தில் அது யூடிசி 22:00, கோடையில் 21:00. நம் கடைக்கு அதிகாலை 3.30 என்று இருந்த எல்லை 2.30க்கு வந்துவிடும். அமெரிக்காவில் கடிகாரம் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னால் போய், நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பி வருகிறது. 2026இல் அவை மார்ச் 8, நவம்பர் 1. ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. நடுவில் உள்ள வாரங்களில் இரண்டு கண்டங்களின் கேட்வேக்களையும் வைத்திருக்கும் கடைக்கு எல்லைகளுக்கு இடையிலான தூரமே மாறியிருக்கும்.

மார்ச்சில் மாறும் அந்த ஒரு பேட்ச்சில் 23 மணி நேர விற்பனை, நவம்பரில் 25 மணி நேர விற்பனை இருக்கும். அதில் பிழை ஏதும் இல்லை. உண்மையான பிழை என்னவென்றால், சூத்திரத்தில் 'ஒன்பதரை மணி நேரம்' அல்லது 'பத்தரை மணி நேரம்' என்று எண்ணை நேரடியாக எழுதி வைத்திருப்பது. நான்கு மாதம் சரியாக ஓடிய கணக்கு மார்ச் நடுவில் திடீரென்று டேலி ஆகாமல் போகும். தேதி தப்பிய ஆர்டர்களை எடுத்துப் பார்த்தால் எல்லாமே 2.30க்கும் 3.30க்கும் நடுவில் இருக்கும். சரியாக ஒரு மணி நேர அகலமுள்ள துண்டு கிடைத்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

எண்ணுக்குப் பதில் `America/New_York` என்று மண்டலத்தின் பெயரை எழுதினால் தரவுத்தளமே கோடை நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். `EST` என்று எழுதுவது உதவாது, அது வருடம் முழுக்க ஐந்து மணி நேரம் பின்னால் நிற்கும் குளிர்கால நேரத்தைக் குறிக்கும். `Etc/GMT-5` போன்ற பெயர்களைத் தொடவே வேண்டாம். அதில் குறி தலைகீழ்: பார்த்தால் ஐந்து மணி நேரம் பின்னால் என்று தோன்றும், உண்மையில் ஐந்து மணி நேரம் முன்னால்.

பேரேட்டில் எப்படி வைப்பது

பில் தேதியை கேட்வேயின் தேதிக்கு இழுத்துப் பொருத்துவது மிகவும் சுலபமாகத் தோன்றும் வழி. அதைச் செய்யக் கூடாது. பில்லில் உள்ள தேதிதான் வரிக் கணக்குக்கும் வாடிக்கையாளருக்கும் கொடுத்த தேதி. மாதத்தின் கடைசி இரவில் அதை மாற்றினால் ஒரு மாதத்தின் விற்பனை இன்னொரு மாதத்துக்குப் போய்விடும்.

அதற்குப் பதிலாக நடுவில் 'கேட்வேயிடமிருந்து வர வேண்டியது' என்று ஒரு கணக்கை வைக்க வேண்டும். விற்பனை நடந்தால் கடை நேரத் தேதியில் அந்தக் கணக்கில் பற்று, விற்பனையில் வரவு. வங்கியில் பணம் விழுந்த நாளில் வங்கிக்கும் கமிஷன் செலவுக்கும் பற்று வைத்து அந்தக் கணக்கில் மொத்தத் தொகையை வரவு வைக்க வேண்டும். விற்பனைத் தேதியும் பணம் வந்த தேதியும் பொருந்த வேண்டிய கட்டாயமே இங்கே இல்லை. பொருந்த வேண்டியது வேறொன்று: எந்த நாளிலும் அந்தக் கணக்கில் நிற்கும் பாக்கி, இன்னும் எந்த பேட்ச்சோடும் வங்கிக்கு வந்து சேராத ஆர்டர்களின் பட்டியலுக்குக் காசு சுத்தமாகச் சமமாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் தொகையை மட்டும் எழுதி வைக்காமல் ரெஃபரன்ஸ் எண்களோடு அந்தப் பட்டியலையும் சேமித்தால், அடுத்த மாத முதல் பேட்ச் வந்ததும் ஒவ்வொன்றாக அடித்துவிடலாம். ஐந்து நாள் கழித்தும் அடிபடாமல் நிற்கும் எண்தான் உண்மையில் தேட வேண்டியது.

பல கேட்வேக்கள் ரிப்போர்ட்டின் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன. கடை நேரத்துக்கு மாற்றினால் தினசரி எண்கள் பொருந்திவிடும், பேட்ச்சின் கட்-ஆஃப் பெரும்பாலும் பழையபடியேதான் இருக்கும். மாற்றும் நாளில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. பழைய முறையின் கடைசி நாள் கடை நேரம் காலை 5.30 வரை ஓடியிருக்கும், புதிய முறையின் முதல் நாள் நள்ளிரவிலேயே தொடங்கியிருக்கும். அந்த ஐந்தரை மணி நேர விற்பனை இரண்டு ரிப்போர்ட்டிலும் வரும். கடை யூடிசிக்குப் பின்னால் இருக்கும் மண்டலத்தில் இருந்தால் இதற்கு நேர்மாறாக அந்த விற்பனை எதிலுமே வராது. இரண்டு ரிப்போர்ட்டின் ரெஃபரன்ஸ் எண்களையும் ஒரே பத்தியில் போட்டு, இரண்டு முறை வருபவற்றில் ஒன்றை நீக்கிவிட்டு, விடுபட்டவற்றைக் கடையின் ஆர்டர் பட்டியலைப் பார்த்துச் சேர்த்த பிறகுதான் புதிய முறையின் முதல் நாளைப் பேரேட்டில் ஏற்ற வேண்டும்.